பூச்சியம் வரும் வரை: பகுதிகளாகத் தொகையிடலுக்கு ஓர் அட்டவணை

x³ − 4x + 5 என்ற பல்லுறுப்பியை e^(−2x) ஆல் பெருக்கித் தொகையிடச் சொன்னால், உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை உடனே பகுதிகளாகத் தொகையிடத் தொடங்கும். வழி சரிதான். ஆனால் ஒரு தடவை செய்து முடியாது. முதல் தடவையில் x³ போய் x² வரும், இரண்டாவதில் x வரும், மூன்றாவதில்தான் மாறிலி வரும். ஒவ்வொரு தடவையும் u எது, v எது என்று புதிதாக எழுத வேண்டும். முந்தைய வரியின் சய அடைப்புக்கு வெளியே நிற்கும், அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு வரும், அதற்குள் இன்னொரு சய. தொகையீடு தெரிந்த பிள்ளைகளும் மூன்றாவது அடைப்பைத் திறக்கும்போது ஒரு குறியைத் தொலைத்துவிடுகிறார்கள். முறை தெரியாததால் வரும் பிழையல்ல இது, எழுதும் விதத்தால் வருவது.

அட்டவணை முறை அதே வேலையை இரண்டு நிரல்களில் எழுதுகிறது. ஒரு நிரலில் பல்லுறுப்பியை வைத்துப் பூச்சியம் வரும் வரை வகையிட்டுக்கொண்டு போவது. மற்ற நிரலில் அடுக்குக்குறிச் சார்பையோ சைனையோ வைத்து, அதே எண்ணிக்கையான தடவைகள் தொகையிட்டுக்கொண்டு போவது. வகையிடும் நிரலுக்கு D என்றும் தொகையிடும் நிரலுக்கு I என்றும் தலைப்புப் போடுவது வழக்கம். இடது ஓரத்தில் சக, சய, சக, சய என்று குறிகள் மாறி மாறி வரும்.

```
குறி   D               I
 +     x³ − 4x + 5     e^(−2x)
 −     3x² − 4         −(1/2) e^(−2x)
 +     6x               (1/4) e^(−2x)
 −     6               −(1/8) e^(−2x)
 +     0                (1/16) e^(−2x)
```

இப்போது பெருக்க வேண்டியது நேர் எதிரே இருப்பதை அல்ல. D நிரலின் ஒவ்வோர் உறுப்பையும் I நிரலில் ஒரு நிரை கீழே இருப்பதுடன் மூலைவாட்டாகப் பெருக்கி, D உறுப்பின் இடப்பக்கத்தில் உள்ள குறியை முன்னால் வைக்க வேண்டும். முதற் பெருக்கம் +(x³ − 4x + 5) × (−1/2)e^(−2x). அடுத்தது −(3x² − 4) × (1/4)e^(−2x). பின்பு +6x × (−1/8)e^(−2x), கடைசியாக −6 × (1/16)e^(−2x).

இந்த நான்கையும் பார்த்தால் எல்லாமே சயவாக முடிந்திருக்கும். குறிகள் மாறி மாறி வர வேண்டுமே, எங்கோ பிழைத்துவிட்டோம் என்று சிலர் இங்கே திரும்பிப் போய் ஒரு குறியை மாற்றிவிடுவதுண்டு. பிழை எதுவும் இல்லை. ஓரத்தில் இருக்கும் குறியும் மாறுகிறது, −2 ஆல் வகுபட்டு வகுபட்டு I நிரலின் குறியும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறுவதால் விடை ஒரே குறியில் வருகிறது. அடுக்கில் x இன் குணகம் மறையாக இருந்தால் எப்போதும் இப்படித்தான், நேராக இருந்தால் சக, சய மாறி மாறி வரும். இதற்காகத்தான் ஓரக் குறியையும் I நிரலின் சொந்தக் குறியையும் மனதில் ஒன்றாக்கி எழுதக் கூடாது என்கிறோம். முதலில் இரண்டையும் அப்படியே அடைப்புடன் எழுதுங்கள், சுருக்குவது அடுத்த வரியில் இருக்கட்டும்.

சுருக்கினால்:

```
−e^(−2x) [ (x³ − 4x + 5)/2 + (3x² − 4)/4 + 6x/8 + 6/16 ] + C
= −(1/8) e^(−2x) (4x³ + 6x² − 10x + 15) + C
```

விடை சரியா என்று பார்க்க முழுவதையும் பெருக்கல் விதியால் வகையிட வேண்டியதில்லை. விடை q(x) e^(−2x) என்ற வடிவில் இருக்கிறது. அதை வகையிட்டால் (q′ − 2q) e^(−2x) வரும். ஆகவே q′ − 2q என்பது மூலப் பல்லுறுப்பியாக வருகிறதா என்று பார்த்தால் போதும். இங்கே −2q = (1/4)(4x³ + 6x² − 10x + 15), அதாவது x³ + (3/2)x² − (5/2)x + 15/4. q′ = −(1/8)(12x² + 12x − 10), அதாவது −(3/2)x² − (3/2)x + 5/4. கூட்டினால் x² உறுப்புகள் வெட்டுப்பட்டு x³ − 4x + 5 வருகிறது. எந்த உறுப்புப் பொருந்தவில்லையோ, பெரும்பாலும் அந்தப் படியைத் தந்த நிரையில்தான் பிழை இருக்கும். x வரை பொருந்தி மாறிலி பொருந்தாவிட்டால், 3x² − 4 என்பதில் −4 ஐ விட்டுவிட்டு வெறும் 3x² என்று எழுதினீர்களா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி விடுபடுவது அதுதான்.

இந்த அட்டவணை ஏன் வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது தெரியாதவருக்கு எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாது. D நிரலின் முதல் உறுப்பு u, I நிரலின் முதல் உறுப்பு v என்க. v ஐ ஒரு தடவை தொகையிட்டால் V1, இரண்டு தடவை தொகையிட்டால் V2, இப்படியே போகட்டும்.

```
∫ u v dx = u V1 − ∫ u′ V1 dx
         = u V1 − u′ V2 + ∫ u″ V2 dx
         = u V1 − u′ V2 + u″ V3 − ∫ u‴ V3 dx
```

ஒவ்வொரு வரியிலும் முடிந்துபோன பெருக்கங்கள் சில இருக்கின்றன, முடியாத தொகையீடு ஒன்று மிஞ்சி நிற்கிறது. முடிந்தவற்றில் u இன் வகையீட்டை விட V ஒரு படி முன்னே நிற்கிறது, அதுவே மூலைவாட்டுப் பெருக்கம். மிஞ்சி நிற்கும் தொகையீட்டில் u இன் வகையீடும் V உம் ஒரே நிரையில் நிற்கின்றன, அது குறுக்காக நேரே பெருக்குவது. அதாவது அட்டவணையை எந்த நிரையில் நிறுத்தினாலும், அந்தக் கடைசி நிரையை அதன் ஓரக் குறியுடன் நேராகப் பெருக்கித் தொகையிட்டால் மீதி கிடைக்கும். சக, சய என்ற ஓரக் குறிகளும் மனனம் செய்யக் கிடைத்த விதியல்ல. ஒவ்வொரு தடவை பகுதிகளாகத் தொகையிடும்போதும் வரும் ஒரு சய, முந்தையவற்றோடு பெருக்கப்பட்டுக்கொண்டே வருவதுதான் அது.

அப்படியென்றால் பூச்சியம் வந்த நிரையில் நாம் செய்வது என்ன? அங்கும் மீதித் தொகையீடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 0 × (1/16)e^(−2x) ஐத் தொகையிட்டால் மாறிலி மட்டும்தான் வரும், அந்த மாறிலிதான் C. பல்லுறுப்பியை D நிரலில் வைப்பதன் ஒரே காரணமும் இதுதான். n படிப் பல்லுறுப்பி n + 1 தடவைகளில் பூச்சியமாகிவிடும். மாறி வைத்து, பல்லுறுப்பியை I நிரலிலும் e^(−2x) ஐ D நிரலிலும் போட்டால் எந்த விதியும் மீறப்படுவதில்லை. ஆனால் பல்லுறுப்பியின் படி ஒவ்வொரு நிரையிலும் கூடிக்கொண்டே போகும், அடுக்குக்குறிச் சார்பு ஒருபோதும் பூச்சியமாகாது, மீதித் தொகையீடு முதலில் இருந்ததை விடக் கடினமாக நிற்கும். உங்கள் தாளில் x⁴, x⁵ என்று கீழே இறங்க இறங்கக் கூடினால் நிரல்கள் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

நேராகப் பெருக்கிவிடும் பிழையும் அடையாளம் காண இலகுவானது. விடையின் முதல் உறுப்பாக, தொகையிடக் கொடுத்த சார்பே அச்சொட்டாக வந்து நிற்கும். அடுக்குக்குறிச் சார்புக்கு இன்னொரு கண்பார்வைச் சோதனையும் உண்டு. விடையில் உள்ள பல்லுறுப்பியின் படி மூலத்தின் படியேதான், முதற் குணகம் மூலக் குணகத்தை அடுக்கின் குணகத்தால் வகுத்தது. நம் கணக்கில் 1 ஐ −2 ஆல் வகுக்க −1/2, விடையிலும் −4/8. பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லாத இடத்தில் இந்தச் சோதனைகள்தான் துணை.

சைனுக்கு வருவோம். இங்கே பிழை அதிகம், ஏனெனில் I நிரலே தன் பங்குக்குக் குறியையும் மாற்றிச் சார்பையும் மாற்றுகிறது. x² sin 3x ஐ 0 இலிருந்து π வரை தொகையிடுவதாக எடுத்துக்கொள்வோம்.

```
குறி   D      I
 +     x²     sin 3x
 −     2x     −(1/3) cos 3x
 +     2      −(1/9) sin 3x
 −     0       (1/27) cos 3x
```

I நிரலில் தனியாகக் கவனம் வைத்து நிரப்புங்கள். சைனைத் தொகையிட்டால் சய கோசைன், கோசைனைத் தொகையிட்டால் சைன். ஆகவே நிரல் சைன், சய கோசைன், சய சைன், கோசைன், சைன் என்று சுற்றும். வகையிடும்போது வரும் சுற்று இதற்கு நேர் எதிரானது. வகையிட்டுப் பழகிய கை தன்னையறியாமல் அந்தச் சுற்றில் போய்விடும், கூடவே 3 ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கியும் விடும். D நிரல் முழுவதையும் முதலில் பூச்சியம் வரை எழுதி முடித்து, பிறகே I நிரலைத் தொடுவது இதற்கு நல்ல மருந்து. ஒரு நிரை வகையிடல், ஒரு நிரை தொகையிடல் என்று மாறி மாறி எழுதுபவர்தான் இரண்டையும் குழப்புகிறார்.

மூலைவாட்டாகப் பெருக்கினால்:

```
−(1/3) x² cos 3x + (2/9) x sin 3x + (2/27) cos 3x
```

குறிகள் சய, சக, சக. படி கூடிய பல்லுறுப்பியாக இருந்தால் அடுத்து சய, சய, பிறகு சக, சக என்று இரண்டிரண்டாக வரும். கோசைனில் தொடங்கினால் சக, சக, சய, சய. சைன் கணக்கின் விடையில் குறிகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறியிருந்தால் I நிரலின் குறியை மறந்துவிட்டீர்கள் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இனி எல்லைகள். x = π இல் cos 3π = −1, sin 3π = 0. ஆகவே π²/3 − 2/27. x = 0 இல் முதல் இரண்டு உறுப்புகளும் போய்விடும், ஆனால் மூன்றாவது போகாது. cos 0 = 1 அல்லவா, அங்கே 2/27 இருக்கிறது. கழித்தால் π²/3 − 4/27. கீழ் எல்லை பூச்சியம் என்றதும் எல்லாமே பூச்சியம் என்று விட்டுவிடுவது இந்த வகைக் கணக்கில் மிகப் பெரிய பொறி. கடைசிப் பெருக்கத்தில் x இல்லாத மாறிலி நிற்கிறது. அதன் பக்கத்தில் கோசைனோ அடுக்குக்குறிச் சார்போ வந்தால் x = 0 இலும் அது உயிரோடு இருக்கும். சைன் வந்தால்தான் போகும்.

இந்த விடையின் பெறுமானத்தைக் கணித்தால் 3.1417 வரும். ஓகோ, விடை π தானே என்று தோன்றும். இல்லை. π என்பது 3.14159..., நம் விடை 3.14172... முழுக்க முழுக்கத் தற்செயல். தசமத்தைப் பார்த்து விடையை π என்று திருத்தி எழுதினால் சரியான விடையைக் கையாலேயே கெடுத்ததாகிவிடும்.

பருமனைப் பார்த்தும் ஒரு சோதனை செய்யலாம். சைனின் பருமன் 1 ஐத் தாண்டாது. ஆகவே இந்தத் தொகையீட்டின் பருமன் x² ஐ மட்டும் 0 இலிருந்து π வரை தொகையிட்டதை, அதாவது π³/3 ஐ, ஏறத்தாழ 10.3 ஐத் தாண்ட முடியாது. 3 ஆல் வகுக்காமல் பெருக்கிக்கொண்டு போனால் 3π² − 108 வருகிறது, ஏறத்தாழ −78. எல்லைக்கு வெகு தொலைவில் நிற்பதால் பிழை தானே காட்டிக்கொடுக்கும்.

அடுக்குக்குறிச் சார்புக்குத் திரும்பி, எண்களுக்கு ஒரு பொருள் இருக்கும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மாரி மழை கொட்டினால் உன்னிச்சைக் குளம் போன்ற ஒரு குளத்துக்கு நீர் உடனே வந்து சேர்வதில்லை. காட்டிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் மெதுவாக ஏறி, உச்சம் தொட்டு, இன்னும் மெதுவாக இறங்கும். அயர்லாந்தைச் சேர்ந்த நீரியல் பொறியியலாளர் நாஷ் 1957 இல் இதற்கு ஒரு மாதிரியைத் தந்தார். மழை விழும் நிலத்தை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழியும் ஒரே மாதிரியான தேக்கங்களின் வரிசையாகக் கருதுவது. ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் வீதம் அதில் இருக்கும் நீரின் அளவுக்கு விகிதசமம். இப்படி மூன்று தேக்கங்கள் என்றால், விழுந்த மழைநீரில் வந்து சேரும் பங்கின் வீதம் நேரம் t இல்

```
u(t) = t² e^(−t/k) / (2k³)
```

k என்பது ஒரு தேக்கம் நீரைத் தாமதப்படுத்தும் கால அளவு. உண்மையான குளத்துக்கு இதை அளந்து பெற வேண்டும், இங்கே கணக்குக்காக 4 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். T மணித்தியாலத்துக்குள் எத்தனை பங்கு நீர் வந்து சேரும் என்பது கேள்வி. 2k³ ஐ ஒருபக்கம் வைத்துவிட்டு t² e^(−t/k) ஐ அட்டவணையில் போடுவோம்.

```
குறி   D      I
 +     t²     e^(−t/k)
 −     2t     −k e^(−t/k)
 +     2       k² e^(−t/k)
 −     0      −k³ e^(−t/k)
```

அடுக்கில் குணகம் −1/k. அதனால் வகுப்பது −k ஆல் பெருக்குவதுதான். பின்னத்தால் வகுக்கும் இந்த இடத்தில் −1/k என்றே எழுதிவிடும் பிழை வரும். அதைப் பிடிக்க அலகைப் பாருங்கள். மூலைவாட்டுப் பெருக்கங்கள்:

```
−e^(−t/k) (k t² + 2k² t + 2k³)
```

t உம் k உம் மணித்தியாலத்தில் அளக்கப்படுபவை. t² ஐ நேரத்தால் தொகையிட்டால் மணித்தியாலத்தின் மூன்றாம் அடுக்கு வர வேண்டும். k t², 2k² t, 2k³ மூன்றும் அப்படியே இருக்கின்றன. k க்குப் பதில் 1/k என்று எழுதியிருந்தால் t²/k, t/k², 1/k³ என்று ஒன்றோடொன்று கூட்டவே முடியாத அலகுகள் வரும். எண்களை மட்டும் வைத்துக் கணக்குச் செய்தால் இந்தச் சோதனை கிடைக்காது. ஆகவே k = 4 என்பதைக் கடைசி வரை பிரதியிடாமல் வைத்திருப்பது இலாபம்.

0 இலிருந்து T வரை எல்லைகளைப் போட்டு 2k³ ஆல் வகுத்தால்:

```
பங்கு = 1 − e^(−T/k) [ 1 + T/k + T²/(2k²) ]
```

அந்த 1 எங்கிருந்து வந்தது? கீழ் எல்லையில் உயிரோடு நின்ற 2k³ இலிருந்து. சற்று முன் சைன் கணக்கில் 2/27 ஆக நின்ற அதே உறுப்பு. அதை விட்டுவிட்டால் T = 8 க்கு −0.677 வரும். வந்து சேர்ந்த நீர் மறையாக இருக்க முடியாது, உடனே தெரிந்துவிடும். T மிகப் பெரிதானால் அடுக்குக்குறிச் சார்பு அடைப்புக்குள் உள்ள பல்லுறுப்பியை விழுங்கிவிடும், பங்கு 1 ஐ நெருங்கும். விழுந்த நீர் எல்லாம் எப்போதாவது வந்து சேர வேண்டும், அதனால்தான் மாதிரியில் 2k³ ஆல் வகுத்தார்கள்.

k = 4 க்கு u(t) உச்சம் தொடுவது t = 2k = 8 இல். T = 8 ஐப் போட்டால் e^(−2) × (1 + 2 + 2), அதாவது 0.1353 × 5 = 0.677. பங்கு 0.323. குளத்துக்கு நீர் வரும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவே வந்திருக்கிறது. மிச்சமெல்லாம் வரத்து இறங்கத் தொடங்கிய பின்புதான் வருகிறது. 12 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 58 சதவீதம், 24 மணித்தியாலத்தில் 94 சதவீதம். ஓடையில் வரத்துக் குறைகிறது என்பதைப் பார்த்துக் குளத்தின் வான்கதவை மூடிவிடலாம் என்று நினைப்பது ஏன் பிழை என்பதை இந்த நான்கு நிரை அட்டவணை எண்ணாகவே காட்டிவிடுகிறது.

அட்டவணைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை சில இடங்களில் உண்டு. x sin² x ஐ அப்படியே போட்டால் I நிரலில் sin² x ஐத் தொகையிட வேண்டும், அங்கே சிலர் (1/3) sin³ x என்று எழுதிவிடுகிறார்கள். வகையிட்டுப் பார்த்தால் sin² x cos x வரும், அது sin² x அல்ல. முதலில் sin² x = (1 − cos 2x)/2 என்று உடைக்க வேண்டும். x/2 நேரே தொகையிடப்படும், x cos 2x அட்டவணைக்குப் போகும், விடை x²/4 − (1/4) x sin 2x − (1/8) cos 2x + C. அதேபோல x³ e^(x²) இல் e^(x²) ஐ I நிரலில் வைத்தால் முதல் நிரையைத் தாண்ட முடியாது, ஏனெனில் அதன் தொகையீட்டைச் சாதாரண சார்புகளால் எழுதவே முடியாது. x² = t என்று பிரதியிட்டால் (1/2) t e^t ஆகிவிடும், பிறகு இரண்டே பெருக்கம், விடை (1/2) e^(x²) (x² − 1) + C. I நிரலில் அடுக்கும் கோணமும் ax + b என்ற நேர்கோட்டு வடிவில் இருந்தால்தான் ஒவ்வொரு நிரையிலும் a ஆல் வகுத்துக்கொண்டு போகலாம்.

பல்லுறுப்பியே இல்லாமல் e^x sin 2x வந்தால் பூச்சியம் ஒருபோதும் வராது. அங்கே மூன்றாவது நிரையில் நிறுத்த வேண்டும். D நிரலில் sin 2x, 2 cos 2x, −4 sin 2x. கடைசி நிரையின் நேர்ப் பெருக்கம் முதல் நிரையின் −4 மடங்கு. அதைத் தொகையீடாக எழுதி இடப்பக்கம் கொண்டுவந்தால் 5 ∫ e^x sin 2x dx = e^x (sin 2x − 2 cos 2x) + C. நேர்ப் பெருக்கம்தான் மீதி என்பது தெரியாதவருக்கு இந்தக் கணக்கு முடிவில்லாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

x² ln x க்கும் இதே கதிதான், ஆனால் நிரல்கள் மாறும். ln x ஐத் தொகையிடுவதை விட வகையிடுவது இலகு, ஆகவே அது D நிரலுக்குப் போகிறது, பல்லுறுப்பி I நிரலுக்கு. இரண்டாம் நிரையில் 1/x உம் x³/3 உம் நிற்கும். அதற்கும் கீழே இறங்கினால் −1/x², x⁴/12 என்று இரண்டு பக்கமும் மோசமாகும். இரண்டாம் நிரையிலேயே கோடு போட்டு நிறுத்தி, நேராகப் பெருக்கினால் x²/3. அதன் ஓரக் குறி சய. ஆகவே (1/3) x³ ln x − (1/9) x³ + C.

விடைத்தாளில் அட்டவணையை மட்டும் போட்டுவிட்டுச் சுருக்கிய விடைக்குத் தாவுவது நல்லதல்ல. அட்டவணைக்குக் கீழே மூலைவாட்டுப் பெருக்கங்கள் எல்லாவற்றையும் குறிகளுடன், சுருக்காமல், ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி பகுதிகளாகத் தொகையிட்டதன் முழு விரிவேதான். கூட்டலில் பிழை வந்தாலும் முறை சரியென்று திருத்துபவர் காண அந்த வரி வேண்டும், பிழை எங்கே என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்கும் அதே வரிதான் வேண்டும்.